12 என்ற எண் ஒரு நோயின் பெயர் அல்ல: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

முதலாண்டு மாணவர்கள் எல்லோரிடமும் சேர்க்கை வாரத்தில், மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாள் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்கினீர்கள். அதில் 10 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களின் கோப்பில் "மனச்சோர்வு நோய் கண்டறியப்பட்டது" என்று எழுதப்பட்டது. அதே வாசகத்தோடு அவர்களுடைய பெற்றோருக்குக் கடிதம் போனது. மனநல மருத்துவரிடம் தகுதிச் சான்று வாங்கி வந்தால்தான் விடுதியில் தொடரலாம் என்றும் அதில் இருந்தது. 10-க்குக் கீழே எடுத்தவர்களுக்கு "மனநலம் நன்று" என்று ஒரு வரி.

நான் இந்தக் கல்லூரியின் மாணவர் ஆலோசகர். கடிதங்கள் போன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கூட்டத்தில் எழுந்து கேட்டேன், எழுத்திலும் கேட்டேன். "அறிவியல்பூர்வமான கேள்வித்தாள், மதிப்பெண் தெளிவாக இருக்கிறது, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிட்டது. விவாதிக்க இருக்கிறது. கோப்பில் நீங்கள் எழுதியிருக்கும் வாசகத்தை எழுத அந்தக் கேள்வித்தாள் யாருக்கும் அனுமதி தரவில்லை. அதைத்தான் இங்கே விளக்கப்போகிறேன். கீழே வரும் மூன்று மாணவர்களின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் படிவத்தையே பார்ப்போம். குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் என்ற மூவர் உருவாக்கி, 2001-ல் அதன் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். கடந்த இரண்டு வாரங்களில் ஒன்பது தொல்லைகள் எத்தனை நாள் இருந்தன என்று அது கேட்கிறது: எதிலும் ஆர்வமின்மை, மனம் வாடிக் கிடப்பது, தூக்கக் கோளாறு, களைப்பு, பசி மாற்றம், தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனம் நிலைக்காமை, உடல் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, கடைசியாக, செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ வரும் எண்ணம். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3. எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 27.

5-லிருந்து லேசானது, 10-லிருந்து மிதமானது, 15-லிருந்து ஓரளவு கடுமையானது, 20-லிருந்து கடுமையானது என்று ஒரு பிரிப்பு உண்டு. நீங்கள் கோப்பில் எழுதியது இந்தப் பிரிப்பை வைத்துத்தான். ஆனால் இது அறிகுறிகளின் அளவைச் சொல்லும் பிரிப்பு. இவ்வளவு தொல்லை இருக்கிறது என்று சொல்லும். ஏன் இருக்கிறது என்று சொல்லாது. மதிப்பெண் போடும் குறிப்புத் தாளிலேயே, பதில்களை மருத்துவர் நேரில் சரிபார்க்க வேண்டும் என்றும், நெருங்கியவரின் இறப்பால் வந்த துக்கம், முன்பு எப்போதாவது வந்த, மனம் அளவுக்கு மீறிப் பறக்கும் மிகையெழுச்சி நிலை, உடல்நோய், மருந்து அல்லது போதைப்பொருளின் விளைவு இவையெல்லாம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே நோய் பற்றிப் பேச வேண்டும் என்றும் இருக்கிறது. படிவத்தை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அந்த வசதியால் குறிப்புத் தாளைப் படிக்காமலேயே பயன்படுத்துவதும் நடக்கிறது.

இனி, ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பேரைப் பார்ப்போம். இருவருக்கும் 12. இருவருக்கும் உங்களிடமிருந்து ஒரே கடிதம்.

முதல் மாணவியின் தாளில் தூக்கத்துக்கு 3, களைப்புக்கு 3, கவனத்துக்கு 2, உடல் மந்தத்துக்கு 2, பசிக்கு 1, மனவாட்டத்துக்கு 1. மற்ற மூன்றும் 0. கூட்டினால் 12 வருகிறது. ஆனால் தாளைக் கூட்டாமல் வரிவரியாகப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். ஆர்வமின்மைக்கு 0 போட்டிருக்கிறாள். தன்னைப் பற்றிய தாழ்வெண்ணத்துக்கும் 0. மதிப்பெண் பெரும்பாலும் உடல் சார்ந்த கேள்விகளில் குவிந்து கிடக்கிறது.

உட்கார வைத்துப் பேசினேன். பாட்டுப் பயிற்சிக்குப் போகாமல் அவளால் இருக்க முடியவில்லை, போனால் மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் படியேறினால் கால் இழுக்கிறது, எவ்வளவு தூங்கினாலும் போதவில்லை. மற்றவர்களுக்கு வியர்க்கும் அறையில் அவளுக்குக் குளிர்கிறது. முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், சாப்பாடு குறைந்தும் எடை ஏறுகிறது. மருத்துவரிடம் அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் மிகவும் உயர்ந்திருந்தது, அதாவது தைராய்டு சுரப்பு குறைவு. மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து அதே படிவத்தை நிரப்பச் சொன்னபோது 4 வந்தது. அவளுடைய கோப்பில் இன்னமும் மனச்சோர்வு நோய் என்றுதான் இருக்கிறது.

இரண்டாவது மாணவனின் 12 வேறு மாதிரி. ஆர்வமின்மைக்கு 3, மனவாட்டத்துக்கு 2, தூக்கத்துக்கு 2, களைப்புக்கு 2, தாழ்வெண்ணத்துக்கு 2, கவனத்துக்கு 1. இங்கே ஆர்வமின்மை, மனவாட்டம் என்ற முக்கியமான முதல் இரண்டு கேள்விகளிலும் மதிப்பெண் இருக்கிறது, மொத்தம் ஐந்து அறிகுறிகள் பாதி நாட்களுக்கு மேல் இருந்திருக்கின்றன. பெருமனச்சோர்வு என்ற நோயைச் சந்தேகிக்கப் படிவம் சொல்லும் விதி இதுதான்: ஐந்து அறிகுறிகளாவது அந்த அளவில் இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றாக இருக்க வேண்டும். (ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் 1 போதும்.) அந்த மாணவியின் 12 இந்த விதிக்குள் வரவே இல்லை, இவனுடைய 12 வருகிறது. மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

சரி, விதிக்குள் வந்துவிட்டதே, இவன் விஷயத்திலாவது கடிதம் சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பேசும்போது நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியைக் கேட்டேன்: இதற்கு நேர் எதிரான காலம் எப்போதாவது இருந்ததா? கொஞ்சம் தூங்கியும் களைப்பே தெரியாமல், மனம் பறந்துகொண்டிருந்த காலம்? இருந்தது. சில மாதங்களுக்கு முன்பு ஒரு வாரத்துக்கு மேல் இரவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் தூங்கியிருக்கிறான். பேச்சு நிற்கவில்லை, வீட்டாருக்கு இவன் வேறு ஆளாகத் தெரிந்திருக்கிறான். ஒரே நேரத்தில் மூன்று தொழில் தொடங்கத் திட்டம் போட்டு, கையிலிருந்த பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் செலவழித்திருக்கிறான். அது அவனுக்கு நோயாகத் தோன்றவில்லை, வாழ்க்கையின் நல்ல வாரமாகத்தான் தோன்றியது. அதனால் யாரும் கேட்காமல் அவனாகச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை.

இது மனச்சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனையக் கோளாறாக இருக்கலாம். அதை உறுதிசெய்வது மனநல மருத்துவரின் வேலை. ஆனால் பிஎச்கியூ-9 இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, கேட்பதற்காக அது உருவாக்கப்படவும் இல்லை. இருமுனையக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு அது மிகையெழுச்சியைத் தூண்டிவிடும். இவனோ உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு பொது மருத்துவர் ஒருவரிடம் போயிருந்தான். கல்லூரி முத்திரையோடு "நோய் கண்டறியப்பட்டது" என்று இருந்ததைப் பார்த்து, அவர் அந்த மாத்திரையையே எழுதிக் கொடுத்திருந்தார். வாங்குவதற்கு முன்பு என்னிடம் வந்தான். உடனே மனநல மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். பொது மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயை ஏற்கெனவே யாரோ கண்டறிந்துவிட்டார்கள் என்றுதான் அந்தக் கடிதம் அவரிடம் சொன்னது.

இரண்டு பேரை மட்டும் வைத்து முடிவு சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கணக்கும் இதையே சொல்கிறது. 2019-ல் ஓர் ஆய்வுக் குழு பல ஆய்வுகளின் தரவுகளை ஆள்வாரியாகத் திரட்டி ஆராய்ந்தது. முறையான நேர்காணலோடு ஒப்பிட்டபோது, 10 என்ற வரம்பு உண்மையில் பெருமனச்சோர்வு உள்ள 100 பேரில் ஏறத்தாழ 88 பேரைப் பிடிக்கிறது, நோய் இல்லாத 100 பேரில் ஏறத்தாழ 85 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. ஒரு படிவத்துக்கு இது நல்ல திறன்தான். உங்கள் அலுவலகத்தில் யாரோ இந்த 88-ஐப் பார்த்து, "10-க்கு மேல் எடுத்தவருக்கு நோய் இருக்க 88 சதவீத வாய்ப்பு" என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த எண் அதைச் சொல்லவில்லை.

1000 மாணவர்கள் படிவம் நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேருக்கு உண்மையில் பெருமனச்சோர்வு இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரில் 88 பேர் 10-ஐத் தாண்டுவார்கள். மீதி 900 பேருக்கு நோய் இல்லை, ஆனால் அவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் தாண்டுவார்கள், அது 135 பேர். ஆகமொத்தம் 10-ஐத் தாண்டியவர்கள் 223 பேர், அவர்களில் நோய் உள்ளவர்கள் 88 பேர். பத்துக்கு நான்கு பேர்கூட முழுசாக இல்லை. இதே படிவத்தை, வருபவர்களில் 1000-க்கு 400 பேருக்கு நோய் இருக்கும் ஒரு மனநலப் பிரிவில் கொடுத்தால், தாண்டியவர்களில் பத்துக்கு எட்டு பேருக்கு நோய் இருக்கும். படிவம் மாறவில்லை, வரம்பு மாறவில்லை. யாரிடம் கொடுக்கிறோம் என்பது மாறியதும் அதே 10-இன் பொருள் மாறிவிடுகிறது. வகுப்பறையில் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த தாளில் வரும் 12-ஐ மருத்துவமனையில் வரும் 12 போலப் படிக்க முடியாது. அதே ஆய்வுக் குழு அடுத்த ஆண்டு இன்னொன்றையும் காட்டியது: 10-ஐத் தாண்டியவர்களை எண்ணினால் கிட்டத்தட்ட 25 சதவீதம் வருகிறது, அதே ஆட்களை நேர்காணல் செய்தால் 12 சதவீதம்தான் வருகிறது.

நீங்கள் கொடுத்த வாரமும் சரியில்லை. படிவம் கேட்பது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி. வீட்டைவிட்டு முதன்முறையாக வந்து, புது அறையில், புது ஆட்களோடு, தூக்கமும் பசியும் தடம் மாறிக் கிடக்கும் நாட்களும் அதில் அடங்கும். தூக்கம், களைப்பு, பசி, கவனம் இந்த நான்கிலும் 2 போட்டாலே 8 வந்துவிடும், வீட்டு நினைப்பில் மனம் வாடியதற்கு இன்னொரு 2 சேர்ந்தால் 10. இதே மாணவர் ஒரு மாதம் கழித்து 5 எடுக்கக்கூடும். அப்படி இறங்கினால் அது நல்ல செய்தி. இறங்காமல் அப்படியே நின்றால் அதுவும் பயனுள்ள செய்தி. ஒரே ஒரு முறை எடுத்த எண்ணிலிருந்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை, ஐந்து புள்ளியாவது நகர்ந்தால்தான் மாற்றம் என்று பொதுவாகக் கொள்வோம். அப்படியிருக்க 9-க்கும் 10-க்கும் நடுவில் ஒரு சுவரை எழுப்பி, ஒருபக்கம் இருப்பவருக்கு விடுதி அறை, மறுபக்கம் இருப்பவருக்கு வெளியேற்ற எச்சரிக்கை என்பது எப்படி நியாயம்?

இதுவரை சொன்னது 10-க்கு மேல் எடுத்தவர்களைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய அச்சம் தந்தது "மனநலம் நன்று" என்று நீங்கள் எழுதிய கட்டு.

அதில் ஒரு தாளில் 8 இருந்தது. மனவாட்டம் 2, தூக்கம் 2, தாழ்வெண்ணம் 3, ஒன்பதாவது கேள்விக்கு 1. கடந்த இரண்டு வாரங்களில் சில நாட்கள், செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் வந்தது என்று ஒரு மாணவர் தன் கையால் குறியிட்டிருக்கிறார். அந்தக் குறியைக் கூட்டலில் ஒன்றாகச் சேர்த்து, கூட்டுத்தொகை 10-ஐ எட்டவில்லை என்று பார்த்து, நலமாக இருக்கிறீர்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறோம். உதவி கேட்டு நீட்டிய கைக்கு நிறுவனம் தந்த பதில் அதுதான். அந்தத் தாள்களில் சிலவற்றை நான் கேட்டு வாங்கிப் பார்த்த அன்றே அவரைத் தேடிப் போனேன். என்ன நினைப்பு வருகிறது, எப்போது வருகிறது, அதைச் செய்ய ஏதாவது யோசனை இருக்கிறதா, யாரிடமாவது சொன்னீர்களா என்று நேரடியாகக் கேட்டேன். நீண்ட நேரம் பேசினார். இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அந்தப் பதில் கடிதத்தைப் படித்தபோது "இதைக்கூட யாரும் படிக்க மாட்டார்கள் போல" என்று தோன்றியதாகச் சொன்னார்.

ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் 1 ஆக இருந்தாலும் 27 ஆக இருந்தாலும், அன்றைக்கே ஒருவர் நேரில் கேட்க வேண்டும். அந்த 1-ம் ஒரு முடிவு அல்ல. அப்படிக் குறியிடுபவர்கள் எல்லோரும் உடனடி ஆபத்தில் இருப்பதில்லை, பேசினால்தான் தெரியும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று நிர்வாகத்தில் ஒருவர் தயங்கினார். கேட்பதால் அப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் அனுபவத்தில், கேட்டதும் பெரும்பாலானவர்களின் முகத்தில் தெரிவது ஒரு நிம்மதிதான்.

1000 பேர் கணக்கில் வரம்புக்குக் கீழே நோயோடு இருந்த அந்த 12 பேரையும் நினைத்துப் பாருங்கள். குறைவான மதிப்பெண்ணும் நற்சான்றிதழ் அல்ல. இரண்டு வாரத்தில் தேடிய அளவுக்கு அதிகமாக எதுவும் தென்படவில்லை என்பதுதான் அதன் பொருள். அதுவும் அவர் உண்மையை எழுதியிருந்தால்.

இனி அந்த உண்மையும் கிடைக்காது என்பதுதான் என் அடுத்த வருத்தம். கடிதங்கள் போன பிறகு மாணவர்களிடையே பேச்சு பரவிவிட்டது. எதற்கு எத்தனை போட்டால் 10-க்குள் நிற்கலாம் என்று மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். என் அறைக்கு வரும் மாணவர்கள் படிவத்தைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "இது ஆபீஸுக்குப் போகுமா?" போகாது என்று சொன்னாலும் பேனா தயங்குகிறது. தன்னைப் பற்றித் தானே சொல்லும் பதில்களை நம்பித்தான் இந்தக் கருவி வேலை செய்கிறது. பதிலுக்குத் தண்டனை உண்டு என்றானதும், மோசமான நிலையில் இருப்பவர்தான் முதலில் 0 போடுவார். விடுதியையோ படிப்பையோ இழந்தால் போக்கிடம் இல்லாதவர் அவர்தான்.

படிவத்தை நான் எதிர்க்கவில்லை. என் மேசையில் தினமும் இருக்கிறது. ஒருவருடைய தாளை வாங்கியதும் முதலில் ஒன்பதாவது வரி, பிறகு முதல் இரண்டு வரி, அப்புறம் மதிப்பெண் எங்கே குவிந்திருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்பதுக்கும் கீழே கணக்கில் சேராத ஒரு கேள்வி உண்டு: இந்தத் தொல்லைகளால் வேலையும் படிப்பும் மற்றவர்களோடு பழகுவதும் எவ்வளவு கடினமாகிவிட்டன? அதன் பதில் பல சமயம் மொத்த எண்ணைவிட அதிகம் சொல்லும். உங்கள் அலுவலகம் அச்சடித்த தாளில் அந்தக் கேள்வியே விடுபட்டிருக்கிறது. மொத்த எண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பேன், அதுவும் அடுத்த முறை ஒப்பிடுவதற்காக. யாரோடு முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று எனக்குச் சொல்வது அந்தப் படிவம். பேசிய பிறகு என்ன முடிவு வரும் என்று அதற்குத் தெரியாது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவற்றை எடுத்துக்கொண்டு எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.

மாணவர் கோப்புகளில் எழுதிய "மனச்சோர்வு நோய் கண்டறியப்பட்டது" என்ற வாசகத்தை நீக்குங்கள். கடிதம் பெற்ற ஒவ்வொரு மாணவருக்கும் பெற்றோருக்கும், அது ஆரம்பநிலைச் சோதனையின் மதிப்பெண் மட்டுமே, நோய்க்கண்டறிதல் அல்ல என்று எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் கடிதத்தை நம்பி யாராவது மருந்து தொடங்கியிருந்தால் தானாக நிறுத்த வேண்டாம், மனநல மருத்துவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். விடுதிக்கான தகுதிச் சான்று நிபந்தனையை இன்றே திரும்பப் பெறுங்கள்.

"மனநலம் நன்று" என்று பதில் போன எல்லாத் தாள்களையும் என்னிடம் கொடுங்கள். ஒன்பதாவது கேள்வியில் குறியிட்ட இன்னும் யாராவது அதில் இருந்தால் நான் அவர்களைச் சந்தித்தாக வேண்டும். இதற்கு மட்டும் கூட்டம் வரை காத்திருக்க முடியாது.

இனிமேல் நிரப்பப்படும் தாள்கள் ஆலோசனைப் பிரிவைத் தாண்டிப் போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் யாரிடம், எதுவரை சொல்வோம் என்பதைப் படிவத்தின் மேலேயே எழுதி, நிரப்பும் முன் மாணவருக்குச் சொல்ல வேண்டும். விருப்பமில்லாதவர் நிரப்பாமல் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சேர்க்கை வாரத்தில் கொடுப்பதை நிறுத்துங்கள். மாணவர்கள் ஓரளவு நிலைகொண்ட பிறகு கொடுக்கலாம். 10-ஐத் தாண்டிய ஒவ்வொருவரையும் ஒரு வாரத்துக்குள் தனியாகச் சந்தித்துப் பேசவும், தேவைப்பட்டவரை ரத்தப் பரிசோதனைக்கோ மனநல மருத்துவரிடமோ அனுப்பவும், சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்கவும் ஆட்கள் வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி 1000 பேருக்குக் கொடுத்தால் 223 பேரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். இப்போது இந்தக் கல்லூரியில் அதற்கு நான் ஒருத்தி மட்டும்தான் இருக்கிறேன். குறைந்தது இன்னும் இரண்டு பயிற்சி பெற்ற ஆலோசகர்களை நியமியுங்கள். அவர்கள் பணியில் சேரும்வரை மொத்த மாணவர்களுக்கும் படிவம் கொடுக்கும் திட்டத்தை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
மாணவர் ஆலோசகர்